டெபாசிட்டில் எதற்கு எவ்வளவு கழித்தீர்கள்? வீட்டுக்காரருக்கு எழுதும் கடிதம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை சிப்புட்டில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் பல வருடம் குமாஸ்தா வேலை பார்த்தேன். தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்கு வாடகைக்கு வந்த குடும்பங்கள் அதிகம் கொண்டுவந்த பிரச்சினை, காலி செய்தபோது வாடகை டெபாசிட் குறைந்து திரும்ப வந்ததுதான். வக்கீல் வைத்து வழக்காடும் அளவுக்குப் பெரிய தொகை இல்லை, அப்படியே விட்டுவிடவும் மனம் வராத தொகை. நல்ல கடிதம் ஒன்று எழுதினால் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். கீழே உள்ளவை என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள். விளக்கத்துக்கு 2025-இல் நான் உடனிருந்து உதவிய ஓர் அக்காவின் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன், அவருடைய அனுமதியோடு.

"1,625 வெள்ளி கொடுத்து வைத்திருந்தேன். 321 வெள்ளிதான் திரும்ப வந்தது. வாட்சாப்பில் ஒரே ஒரு வரி. நான் என்ன கேட்பது?"

பணத்தைக் கேட்காதீர்கள், முதலில் கணக்கைக் கேளுங்கள்.

அக்காவுக்கு வந்த அந்த வரி இது: "பெயிண்ட் 800, கிளீனிங் 200, ரிப்பேர் 250, பில் 54. மிச்சம் 321 பேங்கில் போட்டாச்சு." கூட்டிப் பார்த்தால் கணக்கு சரியாகத்தான் வரும். ஆனால் எந்தச் சுவருக்குப் பெயிண்ட், எதை ரிப்பேர் பண்ணினார்கள், எந்த மாத பில் என்று எதுவுமே அதில் இல்லை. இதைப் பார்த்தவுடன் அக்கா, "மிச்சப் பணத்தையும் கொடுங்க, இல்லாட்டி போலீசுக்குப் போவேன்" என்று தட்டச்சு செய்து அனுப்பப் போனார். நான்தான் நிறுத்தச் சொன்னேன். இது போலீஸ் விவகாரமே இல்லை, இரண்டு பேருக்கும் இடையே உள்ள ஒப்பந்த விவகாரம். அது போக, முழுப் பணத்தையும் கேட்டால் வீட்டுக்காரர் முழுசாக மறுப்பார். "எதற்கு எவ்வளவு, ரசீது எங்கே" என்று கேட்டால் அவர் உட்கார்ந்து எழுதியாக வேண்டும். எழுதும்போதுதான் எது நிற்கும், எது நிற்காது என்று அவருக்கே தெரியும்.

வீட்டுக்காரர் கெட்ட மனிதர் என்று முடிவுகட்டிவிட்டு எழுத வேண்டாம். இந்த வீட்டுக்காரர் தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். அக்காவின் அப்பாவுக்குச் செக்ரோல் எழுதியவரே அவர்தான். அக்கா அவரை இன்றைக்கும் "கிராணி ஐயா" என்றுதான் கூப்பிடுவார். அவர் ஏமாற்ற நினைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. அடுத்த ஆள் குடிவர வீட்டைத் தயார் பண்ண ஆன செலவையெல்லாம் முந்தின ஆளின் டெபாசிட்டில் எடுத்துவிட்டார். பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான்.

"கணக்குச் சொல்ல வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறதா?"

வீட்டு வாடகைக்கென்று தனிச் சட்டம் மலேசியாவில் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. கொண்டுவரப் போகிறார்கள் என்று சில வருடமாகவே பேச்சு இருக்கிறது. அதனால் "இத்தனை நாளில் விவரப் பட்டியல் தர வேண்டும்" என்று நேரடியாகச் சொல்லும் சட்டப் பிரிவு எதையும் நீங்கள் காட்ட முடியாது. அப்படி இருப்பதாகக் கடிதத்தில் எழுதவும் வேண்டாம். அவர் விஷயம் தெரிந்த யாரிடமாவது காட்டினால் உங்கள் மற்ற நியாயமும் எடுபடாது.

உங்களுக்குத் துணை இரண்டு. முதலாவது உங்கள் வாடகை ஒப்பந்தம். டெபாசிட்டை எத்தனை நாளில் தர வேண்டும், எதற்குக் கழிக்கலாம் என்று அதில் ஒரு வரி இருக்கும். 14 நாள் அல்லது 30 நாள் என்றிருப்பது வழக்கம். கூடவே, சாதாரணப் புழக்கத்தால் வரும் தேய்மானம் நீங்கலாக என்று ஒரு சொல் இருக்கிறதா பாருங்கள். மலாய் ஒப்பந்தத்தில் ஹாவுஸ் டான் லுசூ என்று இருக்கும். இரண்டாவது 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 75-ஆவது பிரிவு. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு தர வேண்டும் என்று தொகை எழுதியிருந்தாலும், அந்தத் தொகையைத் தாண்டாத நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்கிறது அது. உண்மையான நட்டத்தைக் கட்டாயம் நிரூபிக்க வேண்டும் என்ற பழைய கண்டிப்பை 2018-இல் கூட்டரசு நீதிமன்றம் தளர்த்தியது. ஆனால் நியாயமான தொகையா என்ற கேள்வியை அது விடவில்லை, டெபாசிட்டுக்கும் அந்தக் கேள்வி பொருந்தும் என்றது. ஆகவே "ஒவ்வொரு காசுக்கும் ரசீது இல்லையென்றால் சட்டப்படி நீங்கள் தோற்றுவிட்டீர்கள்" என்று மிரட்ட முடியாது. "இந்தத் தொகை நியாயம் என்பதைக் காட்டுங்கள்" என்று கேட்கலாம்.

"எழுத உட்காருவதற்கு முன்னால் என்ன தேட வேண்டும்?"

ஒப்பந்தம், டெபாசிட் கட்டிய ரசீது அல்லது வங்கிப் பதிவு, குடிவந்த அன்றும் காலி செய்த அன்றும் எடுத்த படங்கள், சாவி கொடுத்த தேதி. இவ்வளவு போதும்.

அக்கா 1 ஜூலை 2022-இல் குடிவந்தார். வாடகை 650 வெள்ளி. இரண்டு மாத வாடகையான 1,300 வெள்ளி வீட்டு டெபாசிட், அரை மாத வாடகையான 325 வெள்ளி தண்ணீர், மின்சார டெபாசிட். 31 ஆகஸ்டு 2025, மெர்டேகா நாள் அன்று காலையில் சாவியைக் கொடுத்தார். அன்று அவருடைய மகன் கைப்பேசியில் வீடு முழுவதையும் படம் பிடித்ததோடு, வெளிச்சுவரில் இருக்கும் மின்சார மீட்டரையும் எண் தெரியும்படி கிட்டத்தில் பிடித்திருந்தான். கொடி பிடித்துவிட்டு வந்த சின்னப் பையன் ஏன் அதைப் பிடித்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. அந்தப் படம் பின்னால் எவ்வளவு உதவியது என்று சொல்கிறேன்.

குடிவந்தபோது எடுத்த படம் இல்லையென்றால் பதற வேண்டாம். வீட்டில் வைத்துப் பூஜை செய்த படம், பிள்ளையின் பிறந்தநாள் படம் எதிலாவது சுவரும் கதவும் பின்னால் தெரியும். அக்கா குடிபுகுந்து பால் காய்ச்சிய படத்தில் சமையலறைச் சுவர் அப்படியே தெரிந்தது.

"கடிதம் எப்படி இருக்க வேண்டும்? ஒரு மாதிரி கிடைக்குமா?"

ஒரு பக்கத்துக்குள் முடிய வேண்டும். அக்காவின் கடிதத்தை இங்கே தருகிறேன். பெயர், முகவரி, அடையாள அட்டை எண் மேலே இருந்தன, அவற்றை எடுத்துவிட்டேன்.

> 29 செப்டம்பர் 2025
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> பொருள்: வாடகை டெபாசிட்டில் கழித்த தொகைகளுக்கு விவரம் கேட்டு
>
> தங்களுக்குச் சொந்தமான மேற்கண்ட வீட்டில் 1 ஜூலை 2022 முதல் 31 ஆகஸ்டு 2025 வரை நான் வாடகைக்கு இருந்தேன். வீட்டு டெபாசிட்டாக 1,300 வெள்ளியும், தண்ணீர், மின்சார டெபாசிட்டாக 325 வெள்ளியும், ஆக மொத்தம் 1,625 வெள்ளி தங்களிடம் கட்டினேன். ரசீது நகல் இணைத்துள்ளேன். 31 ஆகஸ்டு அன்று சாவியைத் தங்கள் கையில் ஒப்படைத்தேன்.
>
> 22 செப்டம்பர் அன்று 321 வெள்ளி என் கணக்கில் வந்தது. மீதி 1,304 வெள்ளியை நான்கு தலைப்பில் கழித்ததாக வாட்சாப்பில் தெரிவித்தீர்கள். அவற்றுக்குக் கீழ்க்கண்ட விவரங்களைத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.
>
> பெயிண்ட், 800 வெள்ளி: எந்தெந்த அறைகளுக்கு அடிக்கப்பட்டது? ஒவ்வொன்றிலும் என்ன சேதம் இருந்தது? இதற்கு முன் வீட்டுக்குக் கடைசியாகப் பெயிண்ட் அடித்தது எப்போது?
>
> கிளீனிங், 200 வெள்ளி: என்ன வேலை, எந்தத் தேதியில், யார் செய்தார்?
>
> ரிப்பேர், 250 வெள்ளி: எந்தெந்தப் பொருள், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு?
>
> பில், 54 வெள்ளி: தண்ணீர், மின்சார பில்களின் நகல், மீட்டர் பார்த்த தேதியும் எண்ணும்.
>
> பின்பக்கம் ஓர் அலமாரியையும் மெத்தையையும் நான் விட்டு வந்ததையும், நடு அறை ஜன்னலில் இரண்டு கண்ணாடி உடைந்திருந்ததையும், முன் கிரில் பூட்டின் சாவி ஒன்று தொலைந்ததையும், அதே நடு அறையின் சுவரில் பிள்ளைகள் கிறுக்கியதையும் ஒப்புக்கொள்கிறேன். அவற்றுக்கான நியாயமான செலவை ஏற்கத் தயாராக இருக்கிறேன்.
>
> ரசீதுகளின் நகலோடு 13 அக்டோபர் 2025-க்குள் எழுத்தில் பதில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். விவரம் கிடைத்ததும் கணக்கைச் சேர்ந்து பார்த்து முடித்துக்கொள்ளலாம்.
>
> இப்படிக்கு,

அக்கா முதலில் எழுதி வந்த கடிதம் மூன்று பக்கம். தண்ணீர்த் தொட்டி ஒழுகி இரண்டு மாதம் பட்ட பாடு, தீபாவளிக்குப் பலகாரம் கொண்டுபோய்க் கொடுத்தது, இத்தனை வருடம் ஒரு நாள்கூட வாடகை பிந்தாதது எல்லாம் அதில் இருந்தன. எல்லாமே உண்மை. ஆனால் அவற்றில் எதைப் பிடித்துக்கொண்டும் அவர் பதில் எழுதிவிடலாம், 800 வெள்ளிக்கு மட்டும் பதில் வராது. அதனால் கேள்வியைத் தவிர வேறெதையும் விட்டுவைக்கவில்லை.

"என் தப்பை நானே ஒப்புக்கொண்டால் எனக்கே பாதகம் ஆகாதா?"

பொருளை ஒப்புக்கொள்ளுங்கள், தொகையை ஒப்புக்கொள்ளாதீர்கள். "இரண்டு கண்ணாடி உடைந்தது" என்று எழுதலாம். "ரிப்பேர் 250 சரிதான்" என்று எழுதக் கூடாது. எப்படியும் அவர் கண்ணால் பார்த்ததை மறுத்தால், நீங்கள் சொல்லும் மற்ற எதையும் யாரும் நம்ப மாட்டார்கள். அக்காவுக்கு அலமாரியை எழுத மனசே வரவில்லை. "அதை லோரி வைத்துத்தானே தூக்கியிருப்பார், கண்டிப்பாகப் பணம் கேட்பார்" என்றார். உண்மைதான், கேட்டார், கொடுத்தோம். ஆனால் அந்த ஒரு பத்தியைப் படித்தபிறகுதான் கிராணி ஐயா போன் எடுத்து, "ஏம்மா, உட்கார்ந்து பேசுவோம்" என்றார்.

"பெயிண்ட்டுக்கு முழுத் தொகையையும் கழிக்கலாமா?"

சண்டை அதிகம் வருவது இந்த இடத்தில்தான். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

சுவரில் இரண்டு விதமான மாற்றம் வரும். ஒன்று காலத்தால் வருவது: வெயில் படும் பக்கம் வெளுத்துப்போவது, கையில் தொட்டால் மாவு மாதிரி ஒட்டுவது, மழைக்காலத்தில் கீழ்ச்சுவரில் ஈரம் ஏறிப் பெயிண்ட் உப்பி உரிவது, சாமி படம் மாட்டியிருந்த இடம் மட்டும் பளிச்சென்று இருப்பது. இவை யார் குடியிருந்தாலும் வரும். கீழிருந்து ஈரம் ஏறுவது கட்டடத்தின் குறை, வாடகைக்காரர் தலையில் போட முடியாது. இன்னொன்று ஆளால் வருவது: கிரையான் கிறுக்கல், பெரிய ஆணி அடித்துப் பெயர்ந்த சிமெண்டு, அனுமதி இல்லாமல் அடித்த வேறு நிறம். இதற்கு வாடகைக்காரர் பொறுப்பு.

எதில் எது என்று எப்படித் தெரியும்? பக்கத்து அறையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லா அறையிலும் ஒரே மாதிரி இருந்தால் அது பெரும்பாலும் காலத்தின் வேலை. ஒரே ஒரு சுவரில், ஒரு பிள்ளை கை எட்டும் உயரத்தில் மட்டும் இருந்தால் அது நம் வீட்டு வேலை.

கிராணி ஐயாவின் பதிலில், கூடம், மூன்று படுக்கையறை, சமையலறை என்று ஐந்துக்கும் பெயிண்ட் அடித்ததாக இருந்தது. இதற்கு முன் அடித்தது 2022 ஜூன், அக்கா குடிவருவதற்குக் கொஞ்சம் முன். ஐந்து இடத்துக்கு 800 என்றால் ஒன்றுக்கு 160 வெள்ளி. அக்காவின் பிள்ளைகள் கிறுக்கியது நடு அறையில் மட்டும்தான்.

அந்த 160-ஐயும் முழுசாகக் கொடுக்க வேண்டுமா? அந்தப் பெயிண்ட் புதிதாக இருந்து கெட்டுப்போகவில்லை. 38 மாதம் உழைத்துவிட்டது. வீட்டுக்குள் அடிக்கும் பெயிண்ட்டுக்கு ஐந்து வருடம், அதாவது 60 மாதம் ஆயுள் என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 22 மாதம். 160-ஐ 60-ஆல் வகுத்து 22-ஆல் பெருக்கினால் 58 வெள்ளி 67 காசு. நாங்கள் 60 என்று முழுமைப்படுத்தினோம். ஐந்து வருடம் என்பது எந்தச் சட்டத்திலும் இல்லை, இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட ஒரு கணக்கு. அவர் ஏழு வருடம் என்று சொல்லியிருந்தால் தொகை கூடியிருக்கும். ஆனாலும் 800-க்குப் பக்கத்தில் வராது. பழைய பொருளுக்குப் பதில் புதுப் பொருளை இன்னொருவர் காசில் வாங்கக் கூடாது என்பதுதான் இதில் உள்ள நியாயம். கதவு, குழாய், விளக்கு எதற்கும் இதே முறையில் கணக்குப் போடலாம்.

இதனால்தான் கடிதத்தில் "கடைசியாகப் பெயிண்ட் அடித்தது எப்போது" என்று கேட்டோம். அந்தத் தேதி இல்லாமல் இந்தக் கணக்கைப் போடவே முடியாது. பலர் கேட்க மறப்பதும் அதைத்தான்.

"ரிப்பேர் என்று ஒரே தொகையாகப் போட்டிருக்கிறார். அதைப் பிரிப்பது எப்படி?"

நீங்கள் பிரிக்க வேண்டாம், அவரையே பிரிக்கச் சொல்லுங்கள். 250 வெள்ளி நான்காக வந்தது: கிரில் பூட்டு 28, ஜன்னல் கண்ணாடி இரண்டு 30, சமையலறைக் குழாய் 45, குளியலறைக் கதவு 147. முதல் இரண்டும் அக்காவின் பொறுப்பு, 58 வெள்ளி. குழாய் சொட்டியது உள்ளே இருக்கும் ரப்பர் தேய்ந்ததால், அது புழக்கத்தின் தேய்மானம். குளியலறைக் கதவு மரக்கதவு. தினமும் தண்ணீர் பட்டு அடிப்பக்கம் ஊறி, பலகை அடுக்கடுக்காகப் பிரிந்து போயிருந்தது. குடிவந்த மாதமே கதவின் அடியில் கறுப்பாக ஊறல் இருந்ததை அக்கா வாட்சாப்பில் படத்தோடு அனுப்பியிருந்தார். அந்தச் செய்தி மூன்று வருடமாக அப்படியே கிடந்தது. அதைத் திறந்து காட்டியதும் கிராணி ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் பட்டியலில் கதவை அவரே பென்சிலால் அடித்துவிட்டார்.

"கிளீனிங்குக்கு ரசீது கொடுத்தார். ஆனால் கைப்பட எழுதியது. செல்லுமா?"

கைப்பட எழுதியது என்பதற்காகவே செல்லாது என்று சொல்ல முடியாது. நம் ஊரில் புல் வெட்டுபவரும் லோரிக்காரரும் கம்பெனி முத்திரையா வைத்திருக்கிறார்கள்? தேதி, வேலை, தொகை, வாங்கியவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். முக்கியமாகத் தேதியைப் பாருங்கள்.

200 வெள்ளியில் 120 அலமாரியையும் மெத்தையையும் ஏற்றிப்போன லோரிக்கு, தேதி 3 செப்டம்பர். அதை அக்கா மறுபேச்சில்லாமல் ஏற்றார். மிச்சம் 80 புல் வெட்டியதற்கு, தேதி 20 செப்டம்பர். சாவி கொடுத்து இருபது நாள் ஆன பிறகு வளர்ந்த புல்லுக்கு அக்கா எப்படிப் பொறுப்பாவார்? காலி செய்த அன்று எடுத்த படத்தில் பின்பக்கம் சுத்தமாக வெட்டியிருந்தது.

"கடைசி பில்லில் என் பங்கு எவ்வளவு என்று எப்படித் தெரியும்?"

மீட்டர் எண்ணை வைத்துத்தான். 8 ஆகஸ்டு அன்று மீட்டர் பார்த்தபோது 18290. 8 செப்டம்பர் அன்று 18452. ஆக பில்லில் 162 யூனிட், 32 வெள்ளி. சாவி கொடுத்த அன்று அந்தப் பையன் பிடித்த படத்தில் 18412. அப்படியானால் அக்கா செலவழித்தது 122 யூனிட், பெயிண்ட் அடித்தவர்கள் விசிறி போட்டு வேலை செய்த நாள்களில் ஓடியது 40. 32 வெள்ளியை 162-ஆல் வகுத்து 122-ஆல் பெருக்கினால் 24 வெள்ளி 10 காசு வரும். இது நூற்றுக்கு நூறு துல்லியம் இல்லை, ஆனால் இவ்வளவு சின்னத் தொகைக்கு இது போதும். தண்ணீர் பில் 22 வெள்ளி ஆகஸ்டு மாதத்துக்கு உரியது, அதை முழுசாக ஏற்றுக்கொண்டோம்.

படம் இல்லாவிட்டால் நாள் கணக்கில் பிரிக்கலாம். அதை ஒரு வீட்டுக்காரர் ஒத்துக்கொள்வார், இன்னொருவர் மாட்டார்.

"எல்லாம் கூட்டினால் கடைசியில் எவ்வளவு?"

அக்கா ஏற்றது பெயிண்ட் 60, ரிப்பேர் 58, லோரி 120, பில் 46 வெள்ளி 10 காசு. மொத்தம் 284 வெள்ளி 10 காசு. 1,625-இல் அதைக் கழித்தால் 1,340 வெள்ளி 90 காசு. ஏற்கெனவே 321 வந்துவிட்டது. இன்னும் வர வேண்டியது 1,019 வெள்ளி 90 காசு. கிராணி ஐயா 1,000 தருகிறேன் என்றார், தீபாவளிக்கு முன் 600, மாதக் கடைசியில் 400. அக்கா சரி என்றார். ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு தவணையும் சொன்ன நாளில் வந்தன.

"கடிதத்தைத் தமிழில் எழுதலாமா? எப்படி அனுப்புவது?"

படிப்பவருக்குப் புரியும் மொழியில் எழுதுங்கள். வீட்டுக்காரர் தமிழர் என்றால் தமிழ்க் கடிதம் உறைக்கும். சீனரோ மலாய்க்காரரோ என்றால் மலாயில் எழுதுங்கள், டெபாசிட்டுக்கு வாங் சாகரான் என்ற சொல்லைப் போடுங்கள். நீதிமன்றம் வரை போகக்கூடும் என்று தோன்றினால் தமிழ்க் கடிதத்தோடு மலாய்ப் பிரதியும் சேர்த்தே அனுப்பிவிடுவது நல்லது. நீதிமன்றத்தின் மொழி மலாய், பிறகு மொழிபெயர்க்க அலைய வேண்டியிருக்கும்.

அஞ்சலகத்தில் பதிவுத் தபாலாக அனுப்பி அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். அதே நாளில் கடிதத்தைப் படம் பிடித்து வாட்சாப்பிலும் அனுப்புங்கள். வயதானவர் என்றால் தபால் அனுப்பும் முன் ஒரு போன் பண்ணி, "ஐயா, ஒரு கடிதம் வருது, தப்பா நினைச்சுக்காதீங்க, கணக்குக்குத்தான்" என்று சொல்லிவிடுங்கள். பதிவுத் தபாலைப் பார்த்தாலே வக்கீல் நோட்டீஸ் என்று பயந்து வாங்க மறுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

"காலி செய்யும் முன்பே கடைசி இரண்டு மாத வாடகையைக் கட்டாமல் டெபாசிட்டில் கழித்துக்கொள்ளச் சொல்லலாமா?"

அவர் எழுத்தில் ஒத்துக்கொண்டால் செய்யலாம். நீங்களாகச் செய்தால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். பிறகு கணக்குக் கேட்கும் இடத்தில் உங்களால் நிமிர்ந்து நிற்க முடியாது.

"ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டவே இல்லை. வாய்ப்பேச்சுதான் என்றாலும் கேட்கலாமா?"

கடிதம் எழுத எந்தத் தடையும் இல்லை. முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் ஆதாரமாக ஏற்காது. வருமான வரி வாரியத்தில் வரியையும் தாமத அபராதத்தையும் கட்டினால் ஏற்கும். ஒப்பந்தமே இல்லையென்றால் டெபாசிட் அனுப்பிய வங்கிப் பதிவும், மாதாமாதம் வாடகை போட்ட பதிவும், வாட்சாப் பேச்சும்தான் உங்கள் ஒப்பந்தம். எதையும் அழிக்காதீர்கள். புதுக் கைப்பேசி வாங்கும்போது பழைய செய்திகளை இழந்தவர்கள்தான் அதிகம்.

"கடிதம் போட்டேன், தேதியும் தாண்டிவிட்டது. பதிலே இல்லை."

இரண்டாவது கடிதம் ஒன்று, இன்னும் சுருக்கமாக. முதல் கடிதத்தின் தேதி, பதில் வராதது, நீங்களாகப் போட்ட கணக்கு, அதன்படி வர வேண்டிய தொகை, 7 நாள் கெடு. இந்த முறை தொகையைக் கேட்கிறீர்கள்.

அதற்கும் பதில் இல்லையென்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை இருக்கிறது. மலாயில் துந்துத்தான் கெச்சில் என்று கேளுங்கள். 5,000 வெள்ளி வரைக்கும் தனிநபர் கேட்கலாம், வக்கீல் வைக்க வேண்டியதில்லை. பாரம் 198-ஐப் பூர்த்தி செய்து, சிறு கட்டணம் கட்டிப் பதிய வேண்டும். பாரம் கைக்குக் கிடைத்ததிலிருந்து அவர் 14 நாளுக்குள் பாரம் 199-இல் தன் பதிலைப் பதிய வேண்டும். பதியாமலோ குறித்த நாளில் வராமலோ இருந்தால் உங்கள் பக்கம் தீர்ப்பு ஆகலாம். பாரத்தில் உங்கள் கோரிக்கையை எழுதச் சின்ன இடம்தான் இருக்கும். அங்கே எழுத வேண்டியது புதிதாக ஒன்றும் இல்லை: எவ்வளவு கட்டினீர்கள், எவ்வளவு வந்தது, எதை ஏற்கிறீர்கள், எதற்கு விவரம் கேட்டுக் கிடைக்கவில்லை. முதல் கடிதத்தின் நகலையும் தபால் சீட்டையும் பின்னால் இணையுங்கள்.

உடனே ஓட வேண்டிய அவசரமும் இல்லை. ஒப்பந்தம் பற்றிய கோரிக்கைக்குத் தீபகற்பத்தில் ஆறு வருடக் காலக்கெடு உண்டு. ஆனால் புல் வெட்டியவரும் லோரிக்காரரும் ஆறு மாதம் கழித்து யாருக்கு எவ்வளவு வாங்கினோம் என்று ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள். அதனால் கணக்குக் கேட்கும் முதல் கடிதத்தை மட்டும் தள்ளிப்போடாமல், பணம் குறைந்து வந்த அந்த வாரமே எழுதிவிடுங்கள்.